மெல்லிய ஆங்கிள் எப்போது முறுகும்?

ஸ்ரீவராகம் கோயில் குளத்தைச் சுற்றியுள்ள தெருக்களிலும் கோட்டைப் பகுதி முழுவதிலும் கான்கிரீட் மொட்டைமாடிக்கு மேல் இன்னொரு கூரை நிற்பதைப் பார்க்கலாம். ஆண்டுக்கு இரண்டு பருவமழை பெய்யும் திருவனந்தபுரத்தில் மாடி ஒழுகாமல் இருக்க மக்கள் கண்ட வழி, இரும்பு ட்ரஸ் அடித்து ஷீட் போடுவது. இந்த ட்ரஸ்களில் பெரும்பாலும் சதுரப் பைப், சில இடங்களில் ஆங்கிள் அல்லது டீ. எந்த வடிவத்தை எடுப்பது என்பது பொதுவாகக் கிலோ விலையையும் வெல்டரின் பழக்கத்தையும் பொறுத்தே முடிவாகிறது. கணக்குப் போடுகிறவர்களும் கையேட்டில் மிகச்சிறிய சுழல் ஆரம் எது என்று பார்த்து, நீளத்தை அதால் வகுத்து, மெலிவு விகிதம் 180க்குள் வந்தால் திருப்திப்பட்டுவிடுவது வழக்கம்.

அந்தக் கணக்கு ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்கிறது: தண்டு வில்லாக வளையுமா? ஆங்கிளும் டீயும் வளையாமலே முறுகிப்போகலாம், அல்லது வளைவதும் முறுகுவதும் சேர்ந்தே நடக்கலாம். இந்த இரண்டாவது தோல்விக்கு வளை-முறுக்கு நெளிவு என்று பெயர். அது எப்போது முந்திக்கொள்கிறது, எப்போது பொருட்படுத்த வேண்டாம் என்பதே இங்கே ஆராயும் கேள்வி.

மாடிக்கூரையில் இந்தக் கேள்வி எழுவதற்குக் காற்று காரணம். காற்று விசைக்கான இந்தியத் தர நூலான ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதி திருவனந்தபுரத்துக்கு வினாடிக்கு 39 மீட்டர் என்ற அடிப்படை வேகத்தைக் கொடுக்கிறது. அந்த வேகத்தின் அழுத்தம், திருத்தக் காரணிகள் எதையும் சேர்க்காமல், சதுர மீட்டருக்குச் சுமார் 910 நியூட்டன். அரை மில்லிமீட்டர் ஷீட்டின் எடையோ சதுர மீட்டருக்கு 50 நியூட்டன்தான். சட்டத்தையும் சேர்த்தால் 150 ஆகலாம். ஆகவே காற்று கூரையை மேல்நோக்கி இழுக்கும்போது சுயஎடையால் அதை ஈடுகட்ட முடியாது. ட்ரஸ்ஸுக்குள் விசைகள் தலைகீழாகின்றன. இழுவிசை தாங்கும் என்று மெல்லிய ஆங்கிளில் போட்ட உள்சாய்தண்டுகள் அப்போது அழுத்தத் தண்டுகளாக மாறிவிடுகின்றன. நாம் பார்க்கப்போவது அப்படிப்பட்ட ஒரு மீட்டர் நீளத் தண்டு ஒன்றைத்தான்.

முதலில் முறுக்கம் ஏன் வருகிறது என்று பார்ப்போம். நேராக நிற்கும் தண்டை மனதுக்குள் ஒரு சிறு கோணம் முறுக்குங்கள். நீளவாட்டில் ஓடும் இழைகள் எல்லாம் சற்றே திருகுசுருள் போலச் சாய்கின்றன. முறுக்க அச்சிலிருந்து தள்ளியுள்ள இழை அதிகம் சாய்கிறது. ஒவ்வொரு இழையும் அழுத்தத்தில் இருப்பதால், சாய்ந்த இழையின் விசைக்குப் பக்கவாட்டுக் கூறு ஒன்று பிறந்து, தண்டை மேலும் அதே திசையில் திருகுகிறது. இதை எதிர்த்து நிற்பது தண்டின் முறுக்க விறைப்பு. திருகும் தாக்கம் விறைப்பை மிஞ்சும் கணத்தில் தண்டு முறுகிப்போகிறது. விமானத் தகட்டுச் சட்டங்களில் இதைக் கண்டு 1929இல் கோட்பாடாக எழுதியவர் ஆஸ்திரியரான ஹெர்பர்ட் வாக்னர். அதன்பின் ரஷ்யாவில் விளாசோவும் அமெரிக்காவில் குடியரும் திமோஷென்கோவும் அதை முழுமையாக்கினார்கள்.

சமபக்க ஆங்கிளில் இந்தக் கணக்கு வியக்கத்தக்க அளவு எளிது. பக்கத்தின் அகலம் b (மூலையில் மையக்கோடுகள் சந்திக்கும் புள்ளியிலிருந்து நுனி வரை), தடிமன் t, வெட்டுக்குணகம் G என்றால், முறுக்க நெளிவுத் தகைவு:

f_z = G (t/b)²

இதில் நீளமே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஐ-பீம் போன்ற சட்டங்களில் முறுக்கத்தோடு குறுக்குவெட்டு நீளவாட்டில் உப்பிக் குழியும். அதைத் தடுத்தால் கூடுதல் விறைப்பு கிடைக்கும், அந்த விறைப்பு நீளம் குறையக் குறைய ஏறும். ஆங்கிளிலும் டீயிலும் தகடுகள் எல்லாம் ஒரே கோட்டில் சந்திப்பதால் அந்த உதவி கிட்டத்தட்ட பூஜ்யம். ஆகவே வளைநெளிவுத் தகைவு நீளத்தின் இருமடிக்கு நேர்மாறாக ஏறிக்கொண்டே போக, முறுக்கத் தகைவு இருந்த இடத்திலேயே நிற்கும். தண்டைக் குட்டையாக்கினால் பலம் கூடும் என்ற நம் உள்ளுணர்வு தோற்றுப்போவது இங்கேதான்.

இந்தச் சூத்திரத்தை வேறு திசையிலிருந்தும் அடையலாம். ஒரு விளிம்பு மூலையில் தாங்கி, மறுவிளிம்பு சுதந்திரமாக உள்ள நீண்ட தகடு உள்ளூர நெளியும் தகைவைக் கணக்கிட்டால் 0.384 E (t/b)² என்று வரும். எஃகுக்கு G என்பது 0.385 E. இரண்டும் ஒன்றுதான்! ஆங்கிள் முழுதாக முறுகுவதும் அதன் இரு பக்கத் தகடுகளும் ஒரே திசையில் சுற்றிச் சாய்வதும் ஒரே நிகழ்வின் இரண்டு பெயர்கள். பக்கம் நெளியாதபடி அகல-தடிமன் விகிதத்தைக் கட்டுப்படுத்திவிட்டால், முறுக்கத்தையும் சேர்த்தே கட்டுப்படுத்திவிட்டோம் என்று பொருள். இதைப் பின்னால் தர நூல்களைப் பார்க்கும்போது மறந்துவிடக் கூடாது.

இனி வளைவும் முறுக்கமும் ஏன் கைகோக்கின்றன? சட்டம் முறுகாமல் வளைய வேண்டுமானால் பக்கவாட்டு விசை கொய்வு மையம் எனப்படும் ஒரு குறிப்பிட்ட புள்ளி வழியாகச் செல்ல வேண்டும். ஆங்கிளில் அந்தப் புள்ளி மூலையிலேயே இருக்கிறது. அழுத்த விசை செயல்படுவதோ பரப்பு மையத்தில். அது மூலைக்கு வெளியே, இரு பக்கங்களுக்கும் நடுவே உள்ள வெற்றிடத்தில் விழுகிறது. தண்டு சமச்சீர் அச்சுக்குக் குறுக்கே பக்கவாட்டில் விலகும்போது, பரப்பு மையத்தில் உள்ள விசை மூலையைச் சுற்றி ஒரு திருப்பத்தை உண்டாக்குகிறது. ஆனால் சமச்சீர் அச்சின் திசையிலேயே விலகினால் அந்த இடைவெளி திருப்பம் எதையும் தராது. எனவே ஆங்கிளுக்கு இரண்டு தனித்தனிப் பாதைகள் உண்டு. ஒன்று பலவீனமான v அச்சைச் சுற்றிய வெறும் வளைவு. மற்றது பலமான u அச்சைச் சுற்றிய வளைவும் முறுக்கமும் சேர்ந்த கலவை. எது குறைந்த தகைவில் வருகிறதோ அதுதான் தண்டின் விதி.

சமபக்க ஆங்கிளில் u அச்சின் சுழல் ஆரம் v அச்சின் ஆரத்தைப் போல் இரு மடங்கு, அதனால் u வளைவின் தகைவு நான்கு மடங்கு. கலவைத் தகைவு f என்பது

H f² − (f_u + f_z) f + f_u f_z = 0,  H = 5/8

என்ற சமன்பாட்டின் சிறிய தீர்வு. இதை v அச்சு வளைவோடு சமப்படுத்தினால் எல்லை நீளம் ஒரே வரியில் கிடைக்கிறது: L = 1.1 b²/t. தண்டின் இருமுனைகளும் வளைவுக்குக் கீல், முறுக்கத்துக்குத் தடை என்று கொண்ட மீள்தன்மைக் கணக்கு இது. இந்த நீளத்தைவிடத் தண்டு குட்டையாக இருந்தால் முறுக்கம் முந்தும். நீளமாக இருந்தால் வழக்கமான வளைவுக் கணக்கே போதும்.

இப்போது மாடிக்கூரைக்கு வருவோம். 2 மிமீ தகட்டை மடித்துச் செய்த 50×50 ஆங்கிள், ஒரு மீட்டர் நீளம். b = 49 மிமீ. v அச்சின் சுழல் ஆரம் 10 மிமீ, மெலிவு விகிதம் 100. கையேட்டுக் கணக்குப்படி வளைநெளிவுத் தகைவு 197 மெகாபாஸ்கல். பார்க்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் f_z வெறும் 128, f_u சுமார் 790. கலவைத் தகைவு 120 மெகாபாஸ்கல் என்று வருகிறது. 196 சதுர மிமீ பரப்புக்கு, எதிர்பார்த்த 38.7 கிலோநியூட்டனுக்குப் பதில் 23.5 கிலோநியூட்டன். ஐந்தில் இரண்டு பங்கு பலம் காகிதத்தில் மட்டுமே இருந்திருக்கிறது. இவை கோணல் இல்லாத, நடுவில் சுமை ஏற்றிய தண்டின் மீள்தன்மை எண்கள். வடிவமைப்புப் பலம் இதற்கும் கீழே.

தண்டு மெலிவாக இருக்கிறது என்று எண்ணி நடுவே ஒரு தாங்கல் கொடுத்து, நீளத்தை அரை மீட்டராக்குகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வளைநெளிவுத் தகைவு நான்கு மடங்காகி 790ஐத் தொடுகிறது. எஃகு இளகும் 250தான் இனி எல்லை என்று பொறியாளர் நிம்மதி அடைவார். கலவைத் தகைவோ 120இலிருந்து 126க்குத்தான் ஏறுகிறது. நடுத்தாங்கல் முறுக்கத்தையும் பிடித்து நிறுத்தினால்கூட இந்த நிலை மாறாது, ஏனென்றால் f_zக்கு நீளம் ஒரு பொருட்டே இல்லை. மாறாக, நீளத்தை ஒரு மீட்டராகவே விட்டுவிட்டுத் தடிமனை 3 மிமீ ஆக்கிப் பாருங்கள். f_z 294க்குத் தாவுகிறது, கலவைத் தகைவு 250, வளைவு 193. இப்போது வளைவே ஆள்கிறது. எஃகின் எடை ஒன்றரை மடங்கு ஏறியதற்குத் தாங்குதிறன் 23.5இலிருந்து 56 கிலோநியூட்டனாகிறது. இத்தனை லாபமான பேரம் கட்டுமானத்தில் அடிக்கடி கிடைப்பதில்லை.

சதுரப் பைப்போடு ஒப்பிட்டால் விஷயம் இன்னும் துலக்கமாகும். 25×25×2 பைப்பின் பரப்பு 184 சதுர மிமீ, நம் 2 மிமீ ஆங்கிளைவிடக் கொஞ்சம் இலகு. சுழல் ஆரம் 9.4 மிமீ, அதுவும் ஆங்கிளைவிடச் சற்றுக் குறைவு. மெலிவு விகிதம் மட்டும் பார்ப்பவர் ஆங்கிளைத்தான் தேர்வார். ஆனால் பைப் மூடிய சட்டம். அதன் முறுக்க விறைப்பு ஆங்கிளின் விறைப்பைப்போல் 90 மடங்குக்கும் மேல். அது முறுகாது, வளைந்தே தோற்கும், 174 மெகாபாஸ்கலில். ஒரு மீட்டர் தண்டாக அது 32 கிலோநியூட்டன், ஆங்கிள் 23.5. திருவனந்தபுரத்து வெல்டர்கள் வேலை வசதிக்காகவும் பார்வைக்காகவும் சதுரப் பைப்பை விரும்புகிறார்கள். கணக்கும் அவர்கள் பக்கமே இருக்கிறது. ஆனால் உள்ளே துரு பிடித்தால் வெளியே தெரியாது என்ற பழைய குறை பைப்புக்கு உண்டு, கடலோர ஊரில் அது சின்ன விஷயமல்ல.

டீயின் கதை வேறு. டீயில் சமச்சீர் அச்சு தண்டுத்தகடு வழியே ஓடுகிறது, அந்த அச்சைச் சுற்றிய வளைவுதான் முறுக்கத்தோடு சேர்கிறது. கலவைத் தகைவு தன் இரண்டு கூறுகளையும்விட எப்போதும் குறைவு. ஆகவே டீயின் சமச்சீர் அச்சே பலவீன அச்சாக இருந்தால், நீளம் எதுவானாலும் வளை-முறுக்கு நெளிவே ஆளும். எல்லை நீளம் என்று ஒன்று இல்லை. ஆனால் ஆள்வது என்றால் பேரிழப்பு என்று அர்த்தமில்லை. ஐ.எஸ்.எம்.பி. 200 பீமை நடுவே வெட்டிக் கிடைக்கும் டீயை, விளிம்பு 100×10.8, தண்டுத்தகடு 5.7 மிமீ என்று கொண்டு 1.5 மீட்டருக்குப் பார்த்தேன். வெறும் வளைவு 497, கலவை 462. ஏழு சதவீதம்தான் வித்தியாசம். கனமான விளிம்பு முறுக்கத்தைத் தாங்கிக்கொள்கிறது. முதுகோடு முதுகு சேர்த்த இரட்டை ஆங்கிளும் முறுக்கத்தைப் பொறுத்தவரை ஒரு டீதான். மெல்லிய பக்கங்கள் இருந்தால் இழப்பும் பெரிதாகும்.

அப்படியானால் இத்தனை ஆண்டுகளாகச் சூடாக உருட்டிய ஆங்கிளில் ட்ரஸ் போட்டவர்கள் எல்லாம் எப்படித் தப்பித்தார்கள்? பதில், பக்க விகித வரம்பில் இருக்கிறது. ஐ.எஸ். 800:2007, 250 தர எஃகில் அழுத்தத்தில் உள்ள ஒற்றை ஆங்கிளுக்கு ஒரு பக்கத்தின் அகலம் தடிமனைப்போல் 15.7 மடங்குக்கு மேலும், இரு பக்கங்களின் கூட்டு 25 மடங்குக்கு மேலும் போகக் கூடாது என்கிறது. 75×75×6 ஆங்கிள் இந்த வரம்பின் மேலேயே, மிகச் சரியாக 25இல் நிற்கிறது. அதற்கு f_z 534 மெகாபாஸ்கல், இளகு தகைவைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். எல்லை நீளம் 95 செமீ. அதற்குக் குட்டையான தண்டில் முறுக்கம் முந்தினாலும் எஃகு இளகுவதே முதலில் வந்துவிடும். அமெரிக்க ஏ.ஐ.எஸ்.சி. விதியும் இதே தர்க்கத்தில், 250 எஃகில் b/t ஏறத்தாழ 20 வரை ஒற்றை ஆங்கிளுக்கு முறுக்கக் கணக்கே வேண்டாம் என்று விட்டுவிடுகிறது. நம் 50×50×2இல் கூட்டு விகிதம் 50. அது ஐ.எஸ். 800இன் வரம்புக்கு வெளியே, குளிர்மடிப்புச் சட்டங்களுக்கான ஐ.எஸ். 801இன் ஆட்சியில் இருக்கிறது. தகட்டை மடித்துச் செய்த ஆங்கிளுக்கு உருட்டு ஆங்கிளின் அட்டவணையைப் பயன்படுத்துவதுதான் நடைமுறையில் நேரும் தவறு.

ஐ.எஸ். 800 இன்னொரு வழியிலும் முறுக்கத்தைத் தொடுகிறது. ஒற்றை ஆங்கிள் பெரும்பாலும் ஒரு பக்கத்தை மட்டும் கஸெட் பிளேட்டில் போல்ட் செய்தோ வெல்ட் செய்தோதான் மாட்டப்படுகிறது. விசை பரப்பு மையத்தைத் தவறவிடுகிறது, தண்டு முதலிலிருந்தே வளைந்தும் முறுகியும் கொண்டிருக்கிறது. இதைத் தனித்தனியாகக் கணக்கிடுவது தலைவலி என்பதால் தர நூல் ஒரு சமான மெலிவைக் கொடுக்கிறது:

λ_e = √(k₁ + k₂ λ_vv² + k₃ λ_φ²)

முதல் உறுப்பு விசை விலகலுக்கு, இரண்டாவது வளைவுக்கு, மூன்றாவது பக்க விகிதம் வழியாக முறுக்கத்துக்கு. 75×75×6 ஆங்கிளை 1.5 மீட்டருக்கு, கஸெட் சுழலக்கூடியது என்று கொண்டு போட்டுப் பார்க்கலாம். நடுவில் சுமை ஏற்றினால் வடிவமைப்புப் பலம் சுமார் 90 கிலோநியூட்டன். இரண்டு போல்ட்டில் ஒரு பக்கம் மாட்டினால் 80. அங்கே வர்க்கமூலத்துக்குள் உள்ள 1.6இல் முறுக்க உறுப்பின் பங்கு 0.1தான். ஒரே போல்ட்டில் மாட்டினால் பலம் 48ஆக இறங்குகிறது. உள்ளே உள்ள 3.1இல் 1.2 முறுக்க உறுப்பு, ஏனென்றால் k₃ 5இலிருந்து 60க்குத் தாவிவிட்டது. ஒரு போல்ட், முனை முறுகுவதைத் தடுக்க முடியாது என்பதையே அந்தத் தாவல் சொல்கிறது. நடுவில் தாங்கல் வைப்பதைவிட முனையில் இரண்டாவது போல்ட் போடுவது மலிவு.

இந்தக் குணகங்கள் ஒரு கோட்பாட்டிலிருந்து நேராக இறங்கியவை அல்ல, நடத்தையோடு பொருத்திப் பெற்றவை. அவை பொருந்தும் வரம்புக்கு வெளியே இழுத்து மெல்லிய மடிப்பு ஆங்கிளுக்குப் போடுவது சரியல்ல. மறுபக்கம், மடிப்பு ஆங்கிள் ஆய்வில் வேறொரு விவாதம் நடந்தது. உள்ளூர நெளிவும் முறுக்கமும் ஒன்றேயானால், பரப்பைக் குறைத்து ஒரு முறையும் கலவைத் தகைவைக் கொண்டு இன்னொரு முறையும் தண்டிப்பது ஒரே குற்றத்துக்கு இரு தண்டனை அல்லவா? சிட்னி பல்கலைக்கழகத்தில் பொப்போவிச், ஹான்காக், ராஸ்முசன் ஆகியோர் 1999இல் வெளியிட்ட அழுத்தச் சோதனைகள் இந்தக் கேள்வியைக் கூர்மையாக்கின. அவர்கள் வாதம் எனக்கு ஏற்புடையதே. ஆனால் அதைக் காட்டி முறுக்கத்தை விட்டுவிடுபவர், பக்கங்களின் செயற்பரப்பைக் கட்டாயம் குறைத்திருக்க வேண்டும். இரண்டையும் விட்டுவிட அனுமதி எங்கும் இல்லை. பொதுவாக ஆங்கிள் பற்றிய பழைய அறிவை ஒரே இடத்தில் பார்க்க விரும்புகிறவர்களுக்கு மடுகுலாவும் கென்னடியும் 1985இல் எழுதிய நூல் இன்றும் பயன்படும்.

முறுக்கத்தை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் அரங்கம். 1978 ஜனவரி 18 அதிகாலை, பனிச்சுமையில், சுமார் 91×110 மீட்டர் பரப்பிய முப்பரிமாண ட்ரஸ் கூரை முழுதும் விழுந்தது. சில மணி நேரம் முன்புதான் கூடைப்பந்துப் போட்டி முடிந்து பார்வையாளர்கள் கிளம்பியிருந்தார்கள், உயிர்ச்சேதம் இல்லை. மேல்நாண் தண்டுகள் நான்கு ஆங்கிள்களைச் சிலுவையாகச் சேர்த்தவை. விசாரித்த ஒரு நிறுவனம் பக்கத் தாங்கல் போதாமையைக் குற்றம் சாட்டியது. லூமிஸ் அண்ட் லூமிஸ் என்ற இன்னொன்று அழுத்தத் தண்டுகளின் முறுக்க நெளிவே காரணம் என்றது. சிலுவையில் கொய்வு மையமும் பரப்பு மையமும் ஒன்றே, அதனால் அங்கே வளைவோடு கலப்பு இல்லை, தனி முறுக்கம்தான். எந்த அறிக்கை சரி என்று இன்று தீர்ப்பு சொல்வதைவிட, சிலுவை வடிவம் வளைவுக்கு எவ்வளவு நல்லதோ முறுக்கத்துக்கு அவ்வளவு மோசம் என்பதைக் கவனிப்பது பயனுள்ளது.

நின்றுகொண்டிருக்கும் ட்ரஸ்ஸில் இதை எப்படி அடையாளம் காண்பது? ஆங்கிளின் மூலைக்கோட்டில் ஒரு நூலைப் பிடித்துப் பாருங்கள். மூலைக்கோடு வில்லாக விலகியிருந்தால் வளைவு. மூலைக்கோடு ஏறத்தாழ நேராக இருக்க, இரு பக்க நுனிகளும் நடுவில் ஒரே சுற்றுத்திசையில் சாய்ந்திருந்தால் முறுக்கம். ஒரு வாழ்த்து அட்டையை நீளவாட்டில் பாதியாக மடித்து, இரு முனைகளையும் விரல்களால் அழுத்தினால் இதைக் கண்ணாரப் பார்க்கலாம். மடிப்பு நேராக நிற்க, இறக்கைகள் சுற்றும். சோதனைக்கூடத்தில் இதனால்தான் தண்டின் நடுவே மூலையில் ஒன்றும் இரு நுனிகளில் இரண்டுமாக மூன்று அளவிகள் வைப்பார்கள். ஒன்று மட்டும் வைத்தால் வளைவையும் முறுக்கத்தையும் பிரித்தறிய முடியாது.

பழுது பார்ப்பதும் இதே தர்க்கத்தில்தான். மெல்லிய ஆங்கிள் தண்டுக்கு நடுவே குறுக்குக் கம்பி வெல்ட் செய்வதால் முறுக்கம் நிற்காது என்பதை மேலே பார்த்தோம். அதே அளவுள்ள இன்னொரு ஆங்கிளை எதிரே வைத்து, நுனியோடு நுனி சேர்த்துப் பெட்டியாக மூடிவிட்டால் முறுக்க விறைப்பு நூறு மடங்குகளில் ஏறும். ஆனால் அந்த வெல்ட் நீளம் முழுக்க ஓட வேண்டும். அங்கங்கே பொட்டு வைத்தால் மழைநீர் உள்ளே போகும், மூடிய சட்டமும் கிடைக்காது. கையில் உள்ள பணம் பொட்டு வெல்ட்டுக்கு மட்டுமே போதும் என்றால், அதைவிடத் தண்டைக் கழற்றிவிட்டு 3 மிமீ போடுவது சரி. புதிதாக அடிக்கும் கூரையில் வாங்கும் முன்பே பக்க அகலத்தைத் தடிமனால் வகுத்துப் பார்க்கலாம். 12க்குள் இருந்தால் மெலிவு விகிதத்தை நம்பலாம். 20ஐத் தாண்டினால் L/r எவ்வளவு அழகாக வந்தாலும் f_zஐ முதலில் எழுத வேண்டும். இடையில் உள்ளவற்றுக்கு, குறிப்பாக 350 தர எஃகு வாங்கும்போது, 1.1 b²/tஐயும் போட்டுவிடுவது இரண்டு நிமிட வேலை.